இரண்டு பணி ஆணைகள்: பன்னாட்டு நிறுவனத்தின் திறன் மையமா, உள்நாட்டு நிறுவனமா?

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கண்ணாடிக் கட்டடங்களுக்குள் ஒரே மென்பொருளுக்கான வேலை நடக்கக்கூடும். ஒன்று உள்நாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குரியது. அங்கிருப்பவர்கள் ஒரு வெளிநாட்டு வங்கிக்காக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறார்கள். மற்றொன்று அதே வங்கி இந்தியாவில் தொடங்கிய சொந்த மையம். இதைத்தான் ஜிசிசி என்கிறார்கள். தமிழில் உலகளாவிய திறன் மையம் என்று எழுதுகிறோம். நாஸ்காம் அமைப்பின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் இத்தகைய மையங்கள் 1,700-க்கும் மேல் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் பணிபுரிகின்றனர்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக இத்துறைக்குள் நுழைந்த நம் மாணவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் உள்நாட்டு நிறுவனத்தில் உழைத்தபின் திறன் மையத்திலிருந்து ஒரு பணி ஆணை வரும்போது, பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: ஆண்டுச் சம்பளம். ஒரு வழக்கறிஞராக நான் பணி ஆணையைப் பின்னிருந்து முன்னாக வாசிப்பேன். வேலையை விட்டு எப்படி வெளியேறுவது, வெளியேற்றினால் என்ன கிடைக்கும் என்பது முதலில், சம்பளம் அதற்குப் பிறகு, பதவிப்பெயர் கடைசியில். ஆனால் இந்த மூன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், இரு நிறுவனங்களுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உள்நாட்டு நிறுவனம் வெளியாருக்கு உழைப்பை விற்று வாழ்கிறது. ஓர் ஊழியரின் ஒரு மணி நேரத்துக்கு வாடிக்கையாளர் தரும் தொகைக்கும், அந்த ஊழியருக்கு ஆகும் செலவுக்கும் இடையிலுள்ள வேறுபாடே அதன் இலாபம். எனவே அடியில் குறைந்த சம்பளத்தில் பெரும் எண்ணிக்கையிலான புதியவர்கள், மேலே சிலர் என்ற கோபுர அமைப்பு அதற்கு இன்றியமையாதது. திறன் மையமோ யாருக்கும் எதையும் விற்பதில்லை. பெரும்பாலும் அது தாய் நிறுவனத்துக்கு முழுமையாகச் சொந்தமான ஓர் இந்தியப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அது செய்யும் செலவைத் தாய் நிறுவனம் திருப்பித் தருகிறது. வருமானவரிச் சட்டம் கேட்பதற்கேற்ப, செலவின்மேல் ஒரு விழுக்காட்டை இலாபமாகச் சேர்த்தும் தருகிறது. சந்தையில் ஆர்டர் கிடைக்குமா என்ற கவலை அங்கே இல்லை. மாறாக, பல்லாயிரம் மைல் தொலைவில் யாரோ ஒருவர் தீர்மானிக்கும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதன் உயிர் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வேலையின் எல்லை

உள்நாட்டு நிறுவனத்தில் ஊழியரின் வேலையை வரையறுப்பது வாடிக்கையாளருடனான ஒப்பந்தம். சோதனைப் பணிக்கு ஐந்து பேர் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், நிரல் எழுதத் தெரிந்தவரும் சோதனைப் பணியில்தான் உட்கார வேண்டும். அடுத்த திட்டம் வேறொரு வாடிக்கையாளருக்கு, வேறொரு தொழில்நுட்பத்தில் அமையலாம். நான்கு ஆண்டுகளில் நான்கு துறைகளைத் தொட்டும் எதிலும் ஆழமில்லாமல் நிற்பவர்களைப் பார்க்கிறோம். ஆனால் அந்த அலைச்சலுக்கும் ஒரு பயன் உண்டு. ஒரு திட்டம் மூடப்பட்டாலும் நிறுவனத்துக்குள்ளேயே வேறோர் இடம் தேடிக்கொள்ளும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

திறன் மையத்தில் ஒரே பொருளின்மீது ஆண்டுக்கணக்கில் வேலை செய்யலாம். தாய் நிறுவனத்தின் பொறியாளர்களோடு நேரடியாகப் பேசலாம். ஆனால் எல்லாத் திறன் மையங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. சில மையங்களில் முழுப் பொருளின் பொறுப்பும் இந்தியக் குழுவிடம் உண்டு. வேறு சிலவற்றில் தலைமையகம் விழித்திருக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பராமரிப்பும், நள்ளிரவு அழைப்பும் மட்டுமே இங்கே வந்து சேர்கின்றன. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மொழியில்தான் பேசும்.

வேறுபாட்டை நேர்காணலிலேயே கண்டறிய முடியும். குழுவின் மேலாளர் எந்த நாட்டில் அமர்ந்திருக்கிறார் என்று கேளுங்கள். எழுதிய நிரலை வாடிக்கையாளர் பயன்படுத்தும் அமைப்பில் ஏற்ற இங்குள்ள எவருக்காவது அதிகாரம் உண்டா, அல்லது ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு ஒப்புதல் வேண்டுமா என்று கேளுங்கள். இரவில் கோளாறு நேர்ந்தால் யார் எழுப்பப்படுவார், மாதத்துக்கு எத்தனை இரவு என்று கேளுங்கள். குழுவில் எத்தனை பேர் மையத்தின் நேரடி ஊழியர்கள், எத்தனை பேர் வேறு நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருப்பவர்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. அடையாள அட்டையின் நாடா நிறம் மட்டும் மாறியிருக்க, ஒரே மேசையில் ஒரே வேலையைச் செய்கிற ஒப்பந்த ஊழியர்கள் பல மையங்களில் உண்டு. செலவுக் குறைப்பு வரும்போது முதலில் வெட்டப்படுவது அந்த நாடாக்காரர்களே. நீங்கள் பெற்றிருப்பது மையத்தின் ஆணையா, அல்லது அம்மையத்துக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் ஆணையா என்பதை, ஆணையின் தலைப்பில் அச்சாகியுள்ள சட்டப்பூர்வமான கம்பெனிப் பெயரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். புகழ்பெற்ற வணிகப் பெயரும், உங்களுக்குச் சம்பளம் தரும் கம்பெனியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டடங்களில் மூன்றாவதாக ஓர் அடுக்கும் உண்டு. சென்னை நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டுக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் பெண்களில் பலர், இதே சாலையின் அலுவலகங்களில் ஒப்பந்ததாரர் வழியாகத் துப்புரவுப் பணி செய்கிறார்கள். அவர்களுடைய கூலிக்கும் இந்தக் கட்டுரையின் எண்களுக்கும் உள்ள தூரம் தனியே எழுதப்பட வேண்டியது.

சம்பளத்தைப் பிரித்துப் பார்த்தல்

உள்நாட்டுப் பெருநிறுவனங்களில் புதியவருக்கான தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற அளவில் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேங்கி நிற்கிறது. டிசிஎஸ் நிறுவனத்தின் ‘நிஞ்சா’ பிரிவில் 3.36 லட்சம், இன்ஃபோசிஸின் அடிப்படைப் பிரிவில் 3.6 லட்சம் என்பவை கல்லூரி வளாகங்களில் அனைவரும் அறிந்த எண்கள். கூடுதல் சம்பளப் பிரிவுகளும் உண்டு; அவற்றுக்குத் தனித் தேர்வு எழுத வேண்டும். திறன் மையங்கள் பொதுவாக இதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தருகின்றன. எவ்வளவு கூடுதல் என்பதை அறியத்தான் ஆணையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வந்து, சென்னை உள்நாட்டு நிறுவனமொன்றில் மூன்று ஆண்டுகள் பணியாற்றிய ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அவருடைய தற்போதைய ஆண்டு மொத்தத் தொகை, அதாவது சிடிசி, 6 லட்சம். திறன் மையம் தருவதாகச் சொல்வது 10 லட்சம். இவை வழக்கமான ஆணைகளின் சாயலில் நானே அமைத்துக்கொண்ட எண்கள்.

ஆறு லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் 3 லட்சம். மாதந்தோறும் கைக்கு வராதவற்றை முதலில் கழிப்போம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனத்தின் பங்கு, 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி மாதம் 1,800 வீதம், ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு, அதாவது 14,430. மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000. செயல்திறன் ஊதியம் 60,000. இவற்றைக் கழித்தால் 4,91,970; மாதத்துக்கு ஏறத்தாழ 41,000.

பத்து லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் 5 லட்சம். வைப்பு நிதிக்கு அதே 21,600. பணிக்கொடைக்கு 24,050. காப்பீட்டுக்கு 14,350. ஆண்டு போனஸ் 1 லட்சம். இதற்குமேல், சேரும்போது ஒரே முறை தரும் சேர்க்கை போனஸ் 1 லட்சத்தையும் மனிதவளத் துறை இந்தப் பத்து லட்சத்துக்குள்ளேயே அடக்கிவிட்டது. மீதி 7,40,000, மாதத்துக்கு ஏறத்தாழ 61,700.

தலைப்பு எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு உயர்வாகத் தெரிந்தது, மாதக் கணக்கில் ஒன்றரை மடங்காகிறது. அது சிறிய உயர்வல்ல. வீட்டுக்கடனும் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் உள்ள குடும்பத்துக்கு மாதம் இருபதாயிரம் பெரும் தொகை. ஆனால் முடிவெடுக்க வேண்டியது 61,700 என்ற எண்ணை வைத்து. பத்து லட்சத்தை வைத்தல்ல. இரண்டாம் ஆண்டில் சேர்க்கை போனஸ் இராது என்பதால், ஊதிய உயர்வு வராவிட்டால் பத்து லட்சம் ஒன்பதாகச் சுருங்கும். ஓராண்டுக்குள் விலகினால் அந்த ஒரு லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அநேகமாக இருக்கும். அப்போது முழுத் தொகையா, மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா, வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையா, நிறுவனமே வெளியேற்றினாலும் திருப்ப வேண்டுமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். (2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வருமானவரி இல்லை. எனவே இந்த எடுத்துக்காட்டில் வரி குறுக்கிடவில்லை.)

பணிக்கொடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிரந்தர ஊழியருக்கு அது ஐந்தாண்டு தொடர் பணிக்குப் பிறகே உரிமையாகும். இடையில் விலகுபவருக்கு, ஆண்டுதோறும் சிடிசி கணக்கில் எழுதப்பட்ட அந்தத் தொகை ஒருபோதும் வராது. மூன்றாண்டு முடித்த நம் எடுத்துக்காட்டுப் பெண் இப்போது விலகினால், பின்னால் விட்டுச்செல்வது இதையும்தான்.

சில மையங்கள் தாய் நிறுவனத்தின் பங்குகளையும் தருவதாகச் சொல்லும். அவை ஒரேயடியாக வருவதில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாக உரிமையாகும். வேலை போகும் நாளில் உரிமையாகாத பங்குகள் பொதுவாக அழிந்துவிடும். அந்தப் பங்கு ஒப்பந்தம் உங்கள் இந்தியக் கம்பெனியோடு செய்தது அன்று. தாய் நிறுவனத்தோடு, பெரும்பாலும் அதன் நாட்டுச் சட்டத்தின்கீழ் செய்தது. அதற்காகச் சென்னையில் வழக்குத் தொடுப்பது எளிதன்று. எனவே பங்கைச் சம்பளமாக எண்ணாதீர்கள். வந்தால் வரவு என்று வையுங்கள்.

நாமே வெளியேறும்போது

உள்நாட்டுப் பெருநிறுவனங்களில் 90 நாள் முன்னறிவிப்புக் காலம் பரவலானது. திறன் மையமோ 30 அல்லது 60 நாளில் வந்து சேரச் சொல்லும். இந்த இடைவெளியில்தான் ஊழியர் நசுங்குகிறார். மீதி நாள்களுக்குப் பணம் கட்டி விலகலாம் என்று ஆணையில் இருந்தாலும், ‘நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் அதைத் தொடர்ந்து வரும். நாம் 90 நாள் தர வேண்டும், நிறுவனம் நமக்கு 30 நாள் தந்தால் போதும் என்றும் சில ஆணைகள் சொல்கின்றன. கையெழுத்திடுமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வரி அது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. எந்த வாடிக்கையாளருக்காக வேலை செய்தோமோ, அந்த வாடிக்கையாளரிடமே குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்குச் சேரக்கூடாது என்பது. வாடிக்கையாளரான அந்த வங்கி தன் சொந்த மையத்துக்கே நம்மை அழைக்கும்போது இந்த நிபந்தனை குறுக்கே வருகிறது. 2022-இல் இன்ஃபோசிஸின் பணி ஒப்பந்தத்திலிருந்த இத்தகைய ஆறு மாதத் தடை பற்றி ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் வரை புகார் சென்றது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது வேறிடத்தில் பணியாற்றக்கூடாது என்ற நிபந்தனை செல்லும். வேலையை விட்டபின் வேறிடத்தில் சேரக்கூடாது என்பது பொதுவாகச் செல்லாது. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இந்தக் கோட்டைக் காத்துவந்திருக்கிறது. ஆனால் இதைக் கேட்டுப் பயிற்சிப் பத்திரத்தையும் அலட்சியப்படுத்திவிட வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பொதுத்துறை வங்கியின் பணி நியமனச் செலவைக் கருதிய தீர்ப்பு. தனியார் நிறுவனமும் அதை மேற்கோள் காட்டும்; அப்போது 74-ஆம் பிரிவின்படி அத்தொகை நியாயமான இழப்பீடா என்று நாம் கேட்க வேண்டும்.

நடைமுறையில் நீதிமன்றத்தைவிட அஞ்ச வேண்டியது பணிவிடுப்புக் கடிதத்தை நிறுத்திவைப்பதைத்தான். அது இல்லாமல் புதிய இடம் தடுமாறும். மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பிய நாள், அதற்கு வந்த பதில், சம்பளச் சீட்டுகள், வைப்பு நிதிக் கணக்கில் பதிவான பணிக்காலம் ஆகியவற்றை அலுவலகக் கணினிக்கு வெளியே சேமித்து வையுங்கள். விலகிய நாளில் அலுவலக மின்னஞ்சலின் கதவு மூடப்பட்டுவிடும்.

நம்மை வெளியேற்றும்போது

உள்நாட்டு நிறுவனத்தில் ஆபத்து ‘பெஞ்ச்’ வழியாக வருகிறது. திட்டம் எதுவும் இல்லாமல் காத்திருக்கும் காலத்துக்கு அந்தப் பெயர். டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதி, ஆண்டில் 225 நாளாவது வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறும் பணியில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 வேலை நாளைத் தாண்டக்கூடாது என்றது. அடுத்த மாதமே அந்நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

திறன் மையத்தில் பெஞ்ச் கிடையாது. அங்கே ஆபத்து முழுக் குழுவையும் ஒன்றாகத் தாக்கும். ஒரு பொருளைத் தலைமையகம் கைவிட்டால் அதைச் செய்துவந்த குழுவே கலையும். சில நேரங்களில் மையமே விற்கப்படும். சிட்டி குழுமம் தன் இந்திய மையத்தை 2008-இல் டிசிஎஸ்ஸுக்கு விற்றது; யுபிஎஸ் வங்கி 2009-இல் ஐதராபாத் மையத்தைக் காக்னிசண்டுக்கு விற்றது. வங்கி ஊழியராக உறங்கியவர் சேவை நிறுவன ஊழியராகக் கண்விழித்தார். அத்தகைய மாற்றத்தில் பணித்தொடர்ச்சி காக்கப்பட வேண்டும், புதிய நிபந்தனைகள் பழையவற்றைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. இல்லையேல் தொழிலாளருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு என்கிறது சட்டம்.

தலைகீழான நிகழ்வும் உண்டு. ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகர் ஆலையில் 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் சென்னையிலிருந்த அதன் திறன் மையம் தொடர்ந்தது, பல்லாயிரம் பேருடன் இன்றும் இயங்குகிறது. ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாக நின்று, வேலைநிறுத்தம் செய்து, இழப்பீட்டுக்குப் பேரம் பேசினார்கள். திறன் மையத்தில் அத்தகைய நாள் வந்தால் பேரம் பேச யார் இருப்பார்கள்?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2016-இல் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறை, தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுகள் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தப்பட்ட தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும், திறன்சார், தொழில்நுட்பப் பணி செய்பவரைத் தொழிலாளர் என்றே வரையறுக்கிறது. அவர்களுக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை. மேற்பார்வைப் பணியாளருக்கு மட்டுமே மாதம் 18,000 என்ற வரம்பு. தொழிலாளர் என்றால், ஆட்குறைப்பின்போது ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் சட்ட உரிமை. 15 நாள் மிகக் குறைவுதான். அதற்குமேல் நிறுவனம் தருவது பெரும்பாலும் அதன் தாராளத்தையோ நம் பேரத்தையோ பொறுத்தது. அரசின் முன்அனுமதி பெற்றே ஆள் குறைக்க வேண்டும் என்ற விதி ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே உரியது. இரண்டு வகை அலுவலகங்களுக்கும் அது பொருந்தாது.

இங்கேதான் பதவிப்பெயர் கண்ணியாகிறது. திறன் மையங்களில், குறிப்பாக வங்கி மையங்களில், நான்கைந்து ஆண்டிலேயே ‘அசிஸ்டண்ட் வைஸ் பிரசிடெண்ட்’ ஆகிவிடலாம். ஊரில் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கும். தொழிலாளர் அலுவலர் முன் நிற்கும்போது, ‘இவர் நிர்வாகி, தொழிலாளர் அல்லர்’ என்று நிறுவனம் அதையே எடுத்து நீட்டும். 1985-இல் சீபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், பதவியின் பெயரை அன்று, முதன்மையாகச் செய்த வேலையையே பார்க்க வேண்டும் என்றது. எனவே செய்த வேலையின் தடயம் வேண்டும்: உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பணிச்சீட்டுகளின் எண்கள், உங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம், உங்களுக்குக் கீழ் எவருமில்லை என்பதைக் காட்டும் பட்டியல். நிறுவனத்தின் நிரலையோ வாடிக்கையாளர் தரவையோ பிரதி எடுக்காதீர்கள். அது உங்கள்மீதே குற்றச்சாட்டாகத் திரும்பும்.

இரு வகை நிறுவனங்களும் ஒரே உத்தியைக் கையாள்கின்றன. ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லை எழுதாமல், ஊழியரை அறைக்குள் அழைத்து, ‘நீங்களே ராஜினாமா செய்தால் நல்ல கடிதம் தருகிறோம்’ என்பார்கள். கையெழுத்திட்டவுடன் அது தன்விருப்ப விலகல். 15 நாள் கணக்கும் போய்விடும், வழக்கும் பலவீனமாகும். அந்த அறையில் சொல்ல வேண்டியது ஒன்றே: ‘எழுத்தில் தாருங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.’ வெளியே வந்ததும், நடந்ததை நாள், நேரம், பெயர்களுடன் மனிதவளத் துறைக்கே மின்னஞ்சலாக அனுப்பி, அதன் நகலைச் சொந்த முகவரிக்கும் அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பணியாற்றியவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்கக்கூடாது என்கிற தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவும் நம் கையிலுள்ள கருவி.

வாசலும் உள்ளறையும்

இரண்டுமே தனியார் நிறுவனங்கள். இடஒதுக்கீடு இரண்டிலும் இல்லை. ஆனால் வாசல்கள் ஒரே அகலமல்ல. உள்நாட்டுப் பெருநிறுவனம் ஆயிரக்கணக்கில் எடுப்பதால் பொதுத் தேர்வு வைத்துச் சிறுநகரக் கல்லூரிகளிலிருந்தும் எடுக்கிறது. அங்கும் பத்தாம் வகுப்பிலிருந்து 60 விழுக்காடு, படிப்பில் நீண்ட இடைவெளி கூடாது என்ற நிபந்தனைகள், குடும்பத்துக்காக ஓராண்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து படித்த நம் மாணவர்களைத்தான் முதலில் வடிகட்டும். திறன் மையம் குறைந்த எண்ணிக்கையில், தேர்ந்தெடுத்த சில கல்லூரிகளிலிருந்தும், உள்ளே இருப்பவரின் பரிந்துரை வழியாகவும் எடுக்கிறது. பரிந்துரைப்பவரின் நட்பு வட்டம் எந்தச் சமூகமோ, அதுவே புதியவரின் சமூகமும் ஆகிறது. இதை யாரும் பாகுபாடு என்று அழைப்பதில்லை, கணக்கெடுப்பதும் இல்லை. நம்மில் பலருக்கு உள்நாட்டு நிறுவனமே முதல் வாசலாகவும், அதன் மூன்றாண்டு அனுபவமே திறன் மையத்துக்கான நுழைவுச் சீட்டாகவும் ஆவது இதனால்தான்.

உள்ளே சென்றபின் திறன் மையத்துக்கு ஒரு சாதகம் இருக்கலாம். 2020-இல் கலிஃபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தபின், அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றின் கவனம் இதன்பக்கம் திரும்பியது. ஆப்பிள் தன் பணியிடக் கொள்கையில் சாதி என்ற சொல்லையே சேர்த்தது. ஆகவே தாய் நிறுவனத்தின் நடத்தை விதித் தொகுப்பில் அந்தச் சொல் இருக்கிறதா, இந்தியக் கம்பெனிக்கும் அது பொருந்துமா, புகார் யாரிடம் போகும் என்று பாருங்கள். புகார் இந்தியக் கிளையிலுள்ள மேலாளர்களிடமே திரும்பி வருமானால், காகிதத்திலுள்ள சொல்லால் பயன் குறைவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும். பதவி உயர்வில் ஓசையின்றி ஒதுக்கப்படுவதை அதன்கீழ் மெய்ப்பிப்பது மிகக் கடினம்.

அந்த விழுப்புரம் பெண்ணுக்கு நான் என்ன சொல்வேன்? மேலாளர் சென்னையில் இருந்து, ஆணை மையத்தின் சொந்தக் கம்பெனியிலிருந்தே வந்து, சேர்க்கை போனஸைத் திருப்பும் நிபந்தனை ‘நிறுவனம் நீக்கினால் பொருந்தாது’ என்று திருத்தப்பட்டால், போகலாம் என்பேன். முதல் ஓராண்டு அந்த ஒரு லட்சத்தைத் தொடாமல் வங்கியில் வைக்கவும் சொல்வேன். பணி ஓர் ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக, பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் வந்திருந்தால், பத்து லட்சமே ஆனாலும், பெஞ்ச் உள்ள பழைய இடத்தில் இன்னும் சில மாதம் இருந்து நேரடி ஆணைக்கு முயலச் சொல்வேன். எந்தப் பக்கம் போனாலும், சேர்ந்த முதல் மாதத்திலேயே தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் ஒன்றில் உறுப்பினராகிவிட வேண்டும். அறைக்குள் அழைக்கப்பட்ட பிறகு உறுப்பினர் படிவம் தேடுபவர்களையே நான் அதிகம் சந்திக்கிறேன்.